1,950 ரூபாயும் ஒரு ராத்திரியும்

போன மாதம் ஒரு சாயங்காலம், என்னிடம் படித்த பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். சேரன்மகாதேவிப் பக்கம் ஊர். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா வாழை வியாபாரம். திண்ணையில் உட்கார்ந்தவன் ரொம்ப நேரம் தயங்கிவிட்டுக் கேட்டான்.

"சார், ஒரு 1,950 ரூபாய் இருக்குமா? அப்பாட்ட கேக்க மனசு வரல."

"எதுக்குலே?"

"நாளைக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ சார். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பதிவுக் கட்டணம் கட்டணும். இன்டர்வியூ முடிஞ்சதும் திரும்பத் தந்துருவாங்க."

பெரிய கம்பெனி ஒன்றின் சின்னத்தோடு கடிதம் போனில் இருந்தது. அப்போது மணி ஐந்தேகால்.

"பணம் தாரேன். அதுக்கு முன்ன அந்த மெயில் முகவரியை வாசி" என்றேன். @ குறிக்குப் பிறகு கம்பெனிப் பெயர், அப்புறம் ஒரு சின்னக் கோடு, அப்புறம் "கேரியர்ஸ்" என்று இருந்தது. கம்பெனியின் சொந்த இணையதள முகவரியில் அந்தக் கோடும் இல்லை, அந்தச் சொல்லும் இல்லை. அதே இணையதளத்தில், வேலைக்கு நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று எழுதியே போட்டிருந்தார்கள். அடுத்து, பணம் அனுப்பச் சொன்ன யு.பி.ஐ. முகவரியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ரகசிய எண் கேட்பதற்கு முன்பே திரையில் பெயர் வந்துவிடும். வந்தது ஒரு தனி ஆளின் பெயர்.

அப்போதும் அவனுக்கு மனசு ஆறவில்லை. "நிஜமா இருந்துட்டா சார்?" என்றான். நியாயமான பயம்தான். "சரி, நாளைக் காலைல கட்டுறேன்னு மட்டும் எழுது" என்றேன். எழுதினான். உடனே பதில் வந்தது, இடம் ரத்தாகிவிடும் என்று. அரை மணி நேரம் கழித்து இன்னொன்று: 950 கட்டினால் போதுமாம். பையன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

இந்தப் பிள்ளைகளை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேலைக்குப் பணம் கட்டுவது இவர்களுக்குப் பழகிப்போன காரியம். டி.என்.பி.எஸ்.சி.யில் ஒருமுறைப் பதிவுக்கே 150 ரூபாய். ரயில்வே தேர்வுக்கு 500 ரூபாய் கட்டி, முதல் கட்டத் தேர்வு எழுதினால் 400 ரூபாய் நிஜமாகவே வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருகிறது. அதனால் "திரும்பத் தருவோம்" என்ற வார்த்தை அவன் காதுக்குப் பொய்யாகக் கேட்கவில்லை. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பணம் விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். தொகை அறிவிப்பில் அச்சாகியிருக்கும். வாரியத்தின் தளத்திலேயே கட்டுவோம். நேர்முகத்துக்கோ பணி ஆணைக்கோ, ஒரு தனி ஆளின் கணக்குக்கு யாரும் கட்டச் சொல்வதில்லை.

தொகையையும் யோசித்துப் பாருங்கள். அப்பாவிடம் கேட்காமல் ஒரு பையன் புரட்டிவிடக்கூடிய அளவுதான் அது. பெரிய தொகை என்றால் வீட்டில் பேச்சு வரும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஆறு மணிக் கெடு வைப்பதும் அதற்குத்தான். முதல் தொகை கை மாறிய பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, பயிற்சி, லேப்டாப் என்று ஒவ்வொன்றாக ஏறும். கட்டிய காசை விட மனசில்லாமல் இவனும் கட்டிக்கொண்டே போவான்.

அப்படி ஏறினால் எதுவரை போகும் என்பதற்கு 2022 டிசம்பரில் வந்த செய்தி ஒன்று போதும். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை, ரயில்வே வேலைக்குப் பயிற்சி என்று சொல்லி, புது டெல்லி ரயில் நிலையத்தில் ஒரு மாதம் உட்கார வைத்தார்கள். தினமும் எட்டு மணி நேரம், வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணுவதுதான் வேலை. எல்லாரும் சேர்ந்து இழந்தது 2.67 கோடி ரூபாய் என்று புகாரில் இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் படித்த பட்டதாரிகள். மருத்துவப் பரிசோதனை, பயிற்சி என்று எல்லாமே நடந்ததால் நம்பிவிட்டார்கள். காட்சி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது சாட்சி ஆகாது.

என் அபிப்பிராயம் இதுதான். வேலை என்று சொல்லி யார் பணம் கேட்டாலும், எவ்வளவு சின்னத் தொகையானாலும், ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்கள். வீட்டில் ஒருத்தரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். உண்மையான வேலை ஒரு ராத்திரியில் ஓடிவிடாது. ஏற்கெனவே கட்டிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும் முன் சொன்னால்தான் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அப்பாவிடம் கேட்க மனசில்லை என்று அவன் சொன்னானே, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று தினமும் கேட்கிற வீட்டில், இந்த மாதிரி ஒரு கடிதத்தைப் பையன் யாரிடம் காட்டுவான்?

அன்றைக்கு ராத்திரி அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். போகும்போது அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவர் திட்டவில்லையாம். "நல்லவேளை, சார்ட்ட போன" என்றாராம்.