"விளங்கிக்கொள்வர்" என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

பாடக்குறிப்புக் கொப்பிகளில் அதிகம் எழுதப்படும் வசனம் இதுவாகத்தான் இருக்கும்: "மாணவர்கள் பின்னங்களை ஒப்பிடுவதை விளங்கிக்கொள்வர்."

பார்க்க நல்ல வசனம். ஆனால் மணி அடித்த பிறகு, 35 பிள்ளைகளில் யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. "விளங்கிச்சா?" என்று கேட்டால் முழு வகுப்பும் "ஓம் டீச்சர்" என்றுதான் சொல்லும். விளங்காத பிள்ளைதான் சில வேளை கூடச் சத்தமாகச் சொல்லும்.

விளங்குதல், அறிதல், உணர்தல் எல்லாம் தலைக்குள்ளே நடப்பவை, கண்ணுக்குத் தெரியாது. எழுதுவதும் வரைவதும் வரிசைப்படுத்துவதும் காரணம் சொல்வதும் தெரியும். ரொபேட் மேகர் 1962இல் எழுதிய நூலில் ஒரு குறிக்கோளுக்கு மூன்று விடயங்களைச் சொன்னார்: பிள்ளை என்ன செய்யும், எந்த நிலைமையில் செய்யும், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும். இது நமக்குப் புதிதல்ல, பயிற்சிக் கலாசாலையிலேயே படித்ததுதான். கொப்பியில்தான் காணவில்லை.

இதற்கு ஒரு காரணம், ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சி மட்டத்தை அப்படியே பார்த்தெழுதுவது. அது பல பாடவேளைகளுக்கு உரியது. நமக்கு இருப்பதோ 40 நிமிடம். பிள்ளைகள் அமர்ந்து கொப்பி எடுக்க 5 நிமிடம் போகும். கடைசி 5 நிமிடத்தைச் சோதித்துப் பார்க்க வைத்தால், கற்பிக்க மிஞ்சுவது 30. அதற்குள் ஒரு குறிக்கோள் அடங்கும். மிஞ்சினால் இரண்டு.

எனவே கடைசி 5 நிமிடத்தில் கொடுக்கும் வேலையை முதலில் எழுதுங்கள். குறிக்கோள் தானாக வந்துவிடும்.

தரம் 6க்கு ஓர் உதாரணம். பல பிள்ளைகள் 1/5ஐ விட 1/8 பெரியது என்பார்கள், 8 பெரிய இலக்கம் என்பதால். இதைத் திருத்துவதுதான் இன்றைய வேலை என்றால் குறிக்கோள் இப்படி வரும்:

"பாட இறுதியில், படமோ பிறர் உதவியோ இன்றி, தொகுதியெண் 1 ஆகவுள்ள நான்கு பின்னங்களை ஏறுவரிசைப்படுத்துவர். தரப்படும் இரண்டு கூட்டங்களையும் முழுமையாகச் சரி செய்வர். 1/5, 1/8 இரண்டில் எது பெரியது என்பதற்குத் துண்டின் அளவை வைத்து ஒரு வசனத்தில் காரணம் எழுதுவர்."

ஏன் நான்கு பின்னங்கள்? இரண்டைக் கொடுத்து எது பெரியது என்று மட்டும் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்குப் பாதி சரிவரும். நான்கை வரிசைப்படுத்த 24 வழிகள் உண்டு. அதிர்ஷ்டத்தால் சரிவருவது அரிது.

ஏன் காரணம்? "கீழே உள்ள இலக்கம் சிறிதென்றால் பின்னம் பெரிது" என்று குறுக்குவழியை மனனம் செய்த பிள்ளையும் வரிசையைச் சரியாக எழுதிவிடும். அடுத்த நாள் 3/8, 1/5 கொடுத்தால் 1/5தான் பெரியது என்று மாட்டிக்கொள்ளும். "ஒரு பாணை 8 பேருக்குப் பங்கிட்டால் துண்டு சின்னன்" என்று எழுதும் பிள்ளைக்குத்தான் விடயம் பிடிபட்டிருக்கிறது.

பாதிக் கடதாசியில் எழுதி வாங்கி மூன்றாகப் பிரியுங்கள். 22 பேர் சரி, 9 பேர் வரிசையைத் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள், 4 பேர் கண்டபடி எழுதியிருக்கிறார்கள் என்று வைப்போம். அந்த 9 பேரும் கவனமில்லாதவர்கள் அல்ல. கீழே உள்ள இலக்கத்தையே பின்னத்தின் அளவென்று நினைக்கிறார்கள். கடதாசியை மடித்து வெட்டி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினால் போதும். மற்ற 4 பேருக்குப் பின்னத்தை வாசிப்பதே சிக்கலாக இருக்கலாம். அவர்களைத் தனியே அமர்த்திப் பார்க்கவேண்டும். "விளங்கிக்கொள்வர்" என்ற வசனத்தின் கீழ் இந்த 13 பேரும் மறைந்துபோயிருப்பார்கள். தவணைப் பரீட்சையில்தான் வெளிப்படுவார்கள், அப்போது பாடம் வேறெங்கோ போயிருக்கும்.

இன்னொன்று. "குழுவாகக் கடதாசி மடிப்பர்" என்பது குறிக்கோள் அல்ல, அது செயற்பாடு. எல்லோரும் அழகாக மடித்துவிட்டு, ஒன்றும் படிக்காமலும் வீடு போகலாம்.

எல்லாவற்றையும் இப்படி அளக்க முடியாது என்பதும் உண்மை. ஒரு கவிதையை ரசிப்பதை, நேர்மையாக நடப்பதை 40 நிமிடத்தில் அளக்க நினைப்பது வீண். அவற்றை வருடக் குறிக்கோளாக வைத்திருங்கள். இன்றைய பாடத்துக்கு, இன்று பார்க்கக்கூடியதை எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் "இண்டைக்குப் பாடம் விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள். "இண்டைக்குப் படிச்சதில ஒண்டச் செஞ்சு காட்டுங்க பார்ப்பம்" என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும்.