பணிந்து எழுதினால் காரியம் நடக்குமா?

"கந்தோருக்கு எழுதேக்க பணிஞ்சு எழுதோணும், அப்பத்தான் காரியம் நடக்கும்." கொக்குவிலில் சனசமூக நிலையக் கூட்டம் எதிலும் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். இந்தப் புத்திமதியால்தான் எங்கள் கடிதங்கள் கோவைகளுக்குள் கிடக்கின்றன.

அப்படி எழுதப்பட்ட கடிதமொன்று இது: "தங்கள் வேலைப்பளுவை நன்கறிவோம். எமது ஒழுங்கையில் மழைக்காலத்தில் சற்று வெள்ளம் நிற்பதுண்டு. பெரிய பிரச்சினை அல்ல எனினும், வசதிப்படின் இவ்விடயத்தைக் கருத்திலெடுத்தால் மகிழ்வோம்."

எந்த ஒழுங்கை? என்ன செய்ய வேண்டும்? எப்போது? ஒன்றுமே இல்லை. பெரிய பிரச்சினை அல்ல என்று எழுதியவரே சொல்லிவிட்டார். வேலையைப் பின்தள்ள வேறு காரணம் தேவையில்லை. கருத்திலெடுக்கும்படிதான் கேட்டிருக்கிறார். உத்தியோகத்தர் வாசித்த உடனேயே அது நிறைவேறிவிட்டது. "கோவையிலிடவும்" என்று ஓரத்தில் குறித்தால் அவர்மேல் பிழையும் இல்லை.

இதையே இப்படி எழுதலாம்: "எமது ஒழுங்கையின் வடக்குப்பக்க வாய்க்கால், மதகிலிருந்து ஏறத்தாழ 40 மீற்றருக்கு மண் நிரம்பி அடைபட்டுள்ளது. மாரி மழைக்கு முன், ஒக்டோபர் 10க்குள் மண்ணை அள்ளித் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். வேலை தொடங்கும் திகதியை எழுத்தில் அறியத்தாருங்கள்." ஒழுங்கையின் பெயரும் படமும் மேலே இருக்கட்டும். "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு" என்ற வழமையான தொடக்கமும் அப்படியே இருக்கட்டும், "தயவுடன்" இருக்கிறது. மரியாதையில் என்ன குறைந்துவிட்டது? இப்போது அவர் செய்வேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லியாக வேண்டும்.

நேராகக் கேட்டால் அதிகாரி கோபிப்பார் என்பார்கள். அளவும் திகதியும் உள்ள கடிதத்தை அவர் அப்படியே வேலைப்பகுதிக்கு அனுப்பலாம். அவருக்கும் அது இலகு.

இந்தப் பணிவு மரபென்று வாதிடுவோருக்கு நாட்டின் சட்டமே பதில். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் எந்தத் தகவல் என்பது விளங்க வேண்டும். "வாய்க்கால் வேலைகள் பற்றி அறிய ஆவலாயுள்ளோம்" என்று எழுதினால் எதைத் தேடி எடுத்துத் தருவது? "எமது ஒழுங்கை வாய்க்கால் துப்புரவுக்கு 2023இல் ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, கொடுப்பனவு ஆவணத்தின் பிரதி" என்று கேளுங்கள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. எதைக் கேட்டோம் என்பது எழுத்தில் தெளிவாக இல்லாவிட்டால், எது மறுக்கப்பட்டது என்று அங்கே எப்படிக் காட்டுவது?

கேட்டு இல்லையென்றால் அவமானம் என்ற பயம் மிச்சம் இருக்கிறது. இல்லையென்ற பதில் எழுத்தில் வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். பதிலே வராத கடிதத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது?