ஒரு துடுப்பும் ஒரு பந்தும் பன்னிரு பிள்ளைகளும்

கிறிக்கெற் ஆட்டத்தைச் சிறுவர்க்குப் பயிற்றுவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், துடுப்புகள் போதா, மைதானம் இல்லை, வலைகள் இல்லை என்னும் குறைகளே முதற்கண் எடுத்துரைக்கப்படுகின்றன. அக்குறைகள் பொய்யல்ல. ஆயினும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைத் தொடக்கி வைப்பதற்கு ஒரு துடுப்பும், ஒரு ரெனிஸ் பந்தும், இரு வகுப்பறைக் கட்டடங்களுக்கு நடுவேயுள்ள முற்றமும் போதும் என்பதே எமது கருத்து. போதாதிருப்பது பொருளன்று, பிள்ளைகளின் முறையை நாம் பங்கிடும் விதமே.

வழக்கமாக நிகழ்வதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பிள்ளைகள் கூடுகின்றனர். ஒருவன் ஆட்டமிழக்கும்வரை துடுப்பெடுத்தாட, ஏனையோர் பந்து வீசியும் தடுத்தும் நிற்கின்றனர். வீசப் பழகாத பிள்ளைகளின் பந்து அங்குமிங்கும் ஓடுவதால், நிமிடத்துக்கு இரண்டு பந்துகள் வீசப்பட்டாலே பெரிது. ஒரு மணி நேரத்தில் 120 பந்துகள் எனலாம். வீட்டில் அண்ணன்மாருடன் ஆடிப் பழகிய மூவர் ஆளுக்கு முப்பது பந்துகளை ஆடிவிடுவர். எஞ்சிய முப்பதினை ஒன்பது பேர் பங்கிட வேண்டும். அவர்களுட் பலர் முதற் பந்திலோ இரண்டாம் பந்திலோ ஆட்டமிழந்து, மீண்டும் வெயிலில் நிற்கச் செல்வர். பயிற்சி எவனுக்கு மிக வேண்டுமோ அவனுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கும் ஏற்பாடு இது. மூன்று கிழமைகளின் பின் அவன் வாராதொழிந்தால், அவனுக்கு ஆட்டத்தில் நாட்டமில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

1948 ஆம் ஆண்டிற் கொழும்பிலும் ஆடிச் சென்ற டொன் பிறட்மன், தம் இளமையிற் பவுறல் என்னும் சிற்றூரில் ஒரு விக்கெற் குச்சியும் கோல்வ் பந்தும் கொண்டு, வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் அடிச்சுவரிற் பந்தை மோதவிட்டு, திரும்பிவரும் பந்தை அடித்துப் பழகினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதனை அவரது மேதைக்குச் சான்றாகக் கூறுவோர் மற்றொன்றைக் கவனிப்பதில்லை. அச்சுவர் அவரை ஒருபோதும் காத்திருக்க வைக்கவில்லை. ஒரு நாழிகைக்குள் எத்தனை முறை பந்து அவரிடம் திரும்பி வந்திருக்கும்! சிறு இடத்திலே பயிற்றுவோன் தேடவேண்டியது இதுவே: ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மணி நேரத்திற் பந்தைத் தொடும் தடவைகளின் தொகை.

இனி ஒரு நாட் பயிற்சியை எடுத்துக்காட்டாக விரிப்போம். முற்றம் நீளம் 25 யார், அகலம் 10 யார் எனக் கொள்க. ஒரு கோடியிலுள்ள சுவருக்கு இரண்டு யார் முன்பாக ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வையுங்கள். அதுவே விக்கெற். தகரத்திற் பந்து பட்டால் ஓசை எழும். பட்டதோ படவில்லையோ என்ற வழக்குக்கு இடமில்லை. பின்னாலுள்ள சுவர், தவறவிட்ட பந்தைத் தானே திருப்பித் தரும். பிள்ளைகள் மூவர் மூவராக நான்கு குழுக்களாகுக. ஒரு குழு துடுப்பெடுத்தாடும். ஒரு குழு முன்புறத்தையும், ஒரு குழு பக்கங்களையும் காக்கும். நான்காவது குழுவிலே ஒருவன் தகரத்தின் பின்னும், மற்றிருவர் பந்து தருபவரின் பின்னும் நிற்பர்.

முதல் நாளிற் பந்து தருபவர் பயிற்றுநரே, அன்றி மேல்வகுப்பு மாணாக்கர் ஒருவரே. துடுப்பிலிருந்து 8 யார் தள்ளி நின்று, கையைத் தாழ்த்தி மெல்ல எறிதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு பந்துகள். ஆட்டமிழந்தாலும் ஆறும் அவனுக்குரியனவே. அவன் குழுவின் தொகையிலிருந்து இரண்டு ஓட்டங்கள் மாத்திரம் கழிக்கப்படும். பந்தை அடித்தவன் பக்கத்தில் 4 யார் தூரத்திலுள்ள கல்லைச் சுற்றி ஓடித் திரும்பினால் ஓர் ஓட்டம். பந்து, தருபவரின் கைக்குத் திரும்பியதும் ஓட்டம் நின்றுவிடும். ஆதலால், தடுப்போர் பந்தைக் கண்டபடி வீசாது ஒருவரின் கைக்கு நேரே எறிய வேண்டிய கட்டாயம் ஏற்படுகின்றது. எறிதலைப் பற்றி நாம் நீண்ட பிரசங்கம் செய்யாமலே அது கைவருகின்றது.

இம்முறையில் நிமிடத்துக்கு மூன்று பந்துகள் தாராளமாகத் தரலாம். பன்னிருவருக்கும் ஆறாறாக 72 பந்துகள், 24 நிமிடங்கள். இரண்டாஞ் சுற்றில் ஆளுக்கு நான்காக 48 பந்துகள், 16 நிமிடங்கள். தொடக்கத்திற் பத்து நிமிடம் பந்து பிடித்தலுக்கும், ஐந்து நிமிடம் துடுப்புப் பிடித்தலுக்கும், முடிவில் ஐந்து நிமிடம் ஓட்டங்களைக் கூட்டிச் சொல்வதற்கும் போக, ஒரு மணி நேரம் நிறைகின்றது. வல்லவனுக்கும் பத்து, மாட்டாதவனுக்கும் பத்து. பிடித்தற் பயிற்சிக்கு ஒரு பந்து போதாதெனில், பழஞ் சீலையை இறுகச் சுருட்டிக் கயிற்றாற் கட்டிய பந்துகள் ஐந்தாறு செய்துகொள்ளலாம். அவை துள்ளமாட்டா, ஆயின் இருவர் இருவராக நின்று எறிந்து பிடிக்க அவற்றினும் நல்லன இல்லை.

துடுப்புப் பிடித்தலுக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடமும் ஒரே துடுப்பைக் கொண்டு போதுமாவென வினவலாம். துடுப்பை நிலத்திற் குப்புற வைத்து, பிடி பிள்ளையை நோக்கியிருக்கச் செய்து, கோடரியைத் தூக்குவதுபோல இரு கைகளாலும் எடு என்று சொன்னாற் போதும். கைகள் பெரும்பாலும் தாமே ஒழுங்காக அமையும். பின்பு மேற்கையால் மாத்திரம் துடுப்பை முன்னே நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். எண்ணி முடியுமுன் துடுப்புத் தாழ்ந்தால் அது அவனுக்குப் பாரம். வேறு துடுப்பு இல்லையாதலின், பிடியிற் கீழிறக்கிப் பிடிக்கச் செய்க. இடக்கையனை வலக்கையனாக்க முயலல் வேண்டா. முறை வராதோர் தென்னை மட்டைத் துண்டுகளைக் கொண்டு பந்தின்றியே வீசிப் பார்க்கலாம்.

இடச்சுருக்கம் ஒரு தடையென்பர். அதனை ஒரு விதியாக மாற்றிக்கொண்டால் அதுவே பயிற்றுநருக்குத் துணையாகும். துடுப்பிலிருந்து 12 யார் முன்னே, 6 யார் இடைவெளியில் இரு புத்தகப் பைகளை வைத்து, அவற்றினூடே நிலத்தோடு செல்லும் பந்துக்கு ஓடாமலே நான்கு ஓட்டங்கள் என்க. கூரைக்கோ மதிலுக்கப்பாலோ பந்தை அனுப்பியவனின் முறை அத்துடன் முடிவுறும். ஒரே பந்தை வைத்திருப்போருக்கு இவ்விதி இன்றியமையாதது. சில நாட்களில், நேர்த்துடுப்பு என்ற சொல்லையே கேளாத பிள்ளை, நான்கு ஓட்டங்களின் ஆசையால் நேரே அடிக்கக் கற்றுக்கொள்கிறான்.

இங்கே பயிற்றுநர்கள் அடிக்கடி இடறும் இடமொன்றைக் குறிப்பிடல் தகும். ரெனிஸ் பந்து பாரமற்றது. சீமெந்துத் தரையில் மிக எழும்பும். குழந்தையின் மார்பளவுக்கு எழும் பந்தை நேர்த்துடுப்பால் அடிக்க எவராலும் இயலாது. அவன் குறுக்கே வீசியே ஆகவேண்டும். அதைக் கண்ட பயிற்றுநர், தலையை அசைக்காதே, முழங்கையை உயர்த்து என்று கூவத் தொடங்குகிறார். வலக்கைப் பிள்ளை அடித்த ஆறு பந்துகளில் நான்கு அவனுக்கு இடப்பக்கச் சுவரிலேயே பட்டால், பிழையை முதலிற் பிள்ளையிடம் தேடாதீர்கள். பந்து எங்கே குத்துகின்றது என்று பாருங்கள். துடுப்புக்கு அணித்தாக ஒரு யார் தூரத்திற் குத்தும்படி தாழ எறிந்தால், எழுமுன்னரே அவன் அதனை அடிக்கலாம். அதுவும் கடினமெனில் தரையோடு உருட்டுக. துள்ளல் குறைந்த பழம் பந்து இதற்குப் புதுப்பந்திலும் மேல். அடுத்து, துடுப்பை இன்னுங் கீழே பிடிக்கச் செய்க. இவ்விரண்டும் பயனளியாதபோதே பிள்ளையின் நிலையைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் அதற்குத் தேவையே நேராது.

ஒரு துடுப்பு உள்ளவிடத்து அபாயமும் ஒன்று உண்டு. முறை முடிந்தவன் மகிழ்ச்சியினாலோ சினத்தினாலோ துடுப்பை எறிவான். அடுத்தவன் அதனை எடுக்கப் பாய்வான். ஆகவே தகரத்தின் அருகே ஒரு வட்டங் கீறி, துடுப்பை அதனுள் வைத்துவிட்டே விலகவேண்டுமென்றும், எறிந்தால் இரண்டு ஓட்டம் கழியுமென்றும் விதித்தல் நன்று. காத்திருக்கும் இருவரும் 5 யார் அப்பால், ஓட்டங்களை உரக்க எண்ணிக்கொண்டு நிற்கட்டும்.

பந்துவீச்சை முதல் நாளே பிள்ளைகளிடம் விடாதது பலருக்குக் குறையாகத் தோன்றலாம். வீச்சு வேண்டாமென்பதன்று எமது வாதம். நேரே வீசத் தெரியாதவன் வீச, அகன்று செல்லும் பந்தைத் துரத்தி அடிக்கவே மற்றவன் பழகுகிறான், இருவருக்கும் பயனில்லை. இரண்டாம் வாரந் தொட்டு, முதற் பத்து நிமிடத்தில், ஓடாமல் நின்றபடியே, தகரத்தைக் குறிவைத்து வீசப் பழக்கலாம். முன்கை கீழிறங்க, பந்துள்ள கை முழங்கை மடியாது காதோரமாய் மேலெழுந்து வரவேண்டும். கிணற்றுத் துலாவின் ஒரு தலை தாழ மறுதலை எழுவதை எண்ணிக்கொண்டால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

ரெனிஸ் பந்தாற் பழகியவன் தோற்பந்துக்கு உதவான் என்று கூறுவோருளர். அதில் உண்மையில்லாமலில்லை. தோற்பந்தின் பாரத்தையும், தையலால் அது திரும்பும் வகையையும் முற்றத்தில் அறிய முடியாது. அதற்குக் காலணியும் கையுறையும் மைதானமும் வேண்டும். ஆனால் அது பன்னிரண்டு பதின்மூன்று வயதிற்குரிய கேள்வி. அந்த வயதில் ஆட்டத்தை விட்டு ஓடாது நின்றவர்களுக்கே அக்கேள்வி எழும். எமது கவலையோ, எட்டு வயதிலேயே முறை கிடையாது விலகிய ஒன்பது பேரைப் பற்றியது.

பழைய மாணவர் பலர் இவ்விழாவையொட்டித் துடுப்பும் பந்தும் அன்பளிப்புச் செய்ய முன்வருதல் கூடும். அவை வரவேற்கத் தக்கனவே. ஆயினும் ஒரு துடுப்புள்ள முற்றத்துக்கு இரண்டாவது துடுப்பைக் கொடுப்பதிலும், சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அங்கு நின்று, ஒழுங்காகப் பந்து எறிந்து தரும் ஒருவரைக் கொடுத்தல் பெரிது. வேலை நடக்கின்றதா என்பதை அறிய அவருக்கு ஓர் அளவுகோல் போதும். தம் குரலிலும் துடுப்பின் ஓசை அதிகமாகக் கேட்கின்றதா என்று அவர் காதுகொடுத்துக் கேட்கட்டும்.