குழப்படி என்று எழுதும் முன் பழைய கொப்பியைப் பாருங்கள்

"குழப்படி கூடிட்டு", "கவனமே இல்ல", "சொன்னா கேக்கிறானில்ல." ஆண் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தைகள். பெரும்பாலும் அது வெறும் குழப்படிதான். ஆனால் இதே முறைப்பாட்டோடு தொடங்கும் ஒரு நோய் இருக்கிறது. அட்ரீனோலியூகோடிஸ்ட்ரோஃபி என்பது அதன் நீண்ட பெயர், ஏ.எல்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அரிதானது. ஆனால் அதை முதலில் காணக்கூடிய இடம் வகுப்பறை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

நமது உடலில் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் என்று ஒரு வகைக் கொழுப்பு உண்டு. பரம்பரை அலகில் உள்ள ஒரு குறையால் இந்தப் பிள்ளைகளின் உடலுக்கு அதை உடைக்க முடியாது. அது தேங்குகிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி பழுதாகிறது. சிலருக்கு மூளை நரம்புகளின் மேலுறையும், வயரின் பிளாஸ்ரிக் உறை உரிவதைப் போல, அழிகிறது. இந்தக் குறையோடு பிறக்கும் ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோருக்குச் சிறுவயதிலேயே மூளை பாதிக்கப்படும். அது பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள், அதாவது எங்கள் ஆரம்பப் பிரிவு வகுப்புகளில்.

சாதாரணக் குழப்படியிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? தரம் மூன்றில் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். தரம் இரண்டில் கோட்டுக்குள் அழகாக எழுதியவன். இப்போது எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது. கரும்பலகையில் எந்த வரி என்று தேடுகிறான், ஆனால் கண் பரிசோதனையில் குறை இல்லை. சத்தமான வகுப்பில் கூப்பிட்டால் விளங்குவதில்லை, ஆனால் காது பரிசோதனையும் சரி. கண்ணும் காதும் நல்லாத்தான் இருக்கின்றன, அவை அனுப்புவதை மூளைதான் சரியாக வாங்குவதில்லை. கோபமும் அழுகையும் புதிதாக வருகின்றன. பிறவியிலிருந்தே ஓடியாடும் பிள்ளை வேறு, இருந்ததை இழக்கும் பிள்ளை வேறு. ஏ.டி.எச்.டி. என்று முத்திரை குத்தினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். அதனால் போன வருடக் கொப்பியையும் இந்த வருடக் கொப்பியையும் உம்மா வாப்பாவிடம் கொடுத்து, எந்த மாதத்திலிருந்து மாற்றம் என்று ஒரு தாளில் எழுதி, வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. "உங்கட புள்ளயக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை.

அதிரீனல் பழுது மூளைப் பாதிப்புக்குப் பல வருடங்கள் முன்பே வரலாம். பிள்ளை களைத்துப் போகிறான், அடிக்கடி வாந்தி எடுக்கிறான், உப்பை விரும்பித் தின்கிறான், தோல் கறுக்கிறது. நமது ஊரில் கறுப்பதை வெயில் என்றுதான் சொல்வோம். வெயில் படாத முரசு, உள்ளங்கைக் கோடுகள், பழைய காயத் தழும்புகள் முன்பைவிடக் கறுத்திருந்தால் அது வெயில் அல்ல. இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சலே சீனி, பிரஷர் இரண்டையும் விழுத்தி மயங்கவைக்கும். உயிருக்கே ஆபத்து.

இதற்கு ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை இருக்கிறது. ஒரு நாளும் தவறக்கூடாது, காய்ச்சல் வந்தால் வைத்தியர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். நோன்பு பழகும் வயதுப் பிள்ளையானால் அதைப் பற்றியும் வைத்தியரிடம் பேசாமல் விடக்கூடாது. குளிசையோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. ஆண் பிள்ளைக்கு அதிரீனல் ஏன் பழுதானது என்று தெரியாவிட்டால், அந்தக் கொழுப்பமிலங்களை இரத்தத்தில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கூடியிருந்தால் அடுத்தது மூளைக்கு எம்.ஆர்.ஐ.

காலம்தான் இங்கே எல்லாம். எம்.ஆர்.ஐ.யில் பாதிப்பு சிறிதாகத் தெரியும்போதே எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தால் மூளை அழிவதை நிறுத்த முடியும். போனதை அது திருப்பித் தராது, அதிரீனலையும் சரியாக்காது. "படத்தில வந்த எண்ணெய் இருக்கே" என்று சிலர் கேட்பார்கள். 1984இல் நோய் கண்டுபிடிக்கப்பட்ட லொரென்சோ ஒடோன் என்ற சிறுவனுக்காக அவனுடைய பெற்றோர் தேடிய எண்ணெய் அது, 1992இல் படமாகவும் வந்தது. இரத்தத்தில் அந்தக் கொழுப்பை அது குறைக்கிறது. ஆனால் தொடங்கிவிட்ட மூளைப் பாதிப்பை நிறுத்துவதில்லை. லொரென்சோ 30 வயது வரை வாழ்ந்தார், ஆனால் பேச்சோ நடையோ திரும்பவில்லை.

சொந்தத்தில் கலியாணம் செய்ததால் வந்தது என்று யாரும் அந்தக் குடும்பத்தைக் குத்திப் பேச வேண்டாம். இது எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவது. பெரும்பாலும் உம்மா வழியாக வரும், அவருக்கே தெரியாமல். அப்படிச் சுமக்கும் உம்மாவின் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனவே ஒரு பிள்ளைக்கு உறுதியானால் தம்பிமாருக்கும், உம்மாவின் சகோதரிகளுடைய மகன்மாருக்கும், கால் விறைத்து நடக்கச் சிரமப்படும் மாமா இருந்தால் அவருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும். நோய்க்குறி ஒன்றுமில்லாத தம்பிக்கு அந்தக் குறை இருப்பது தெரிந்தால், 3 வயதிலிருந்து 12 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சிகிச்சை பலிக்கும் நேரத்தில் பிடிபடுவது பெரும்பாலும் அந்தத் தம்பிமார்தான்.