‘வென்றோம்’ என்னும் சொல்லுக்குள் யார் யார்?

ஆண்டுதோறும் டிசம்பர் விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புவோரைச் சித்தூரிலும் திருப்பதியிலும் மேடையேற்றிச் சால்வை போர்த்துவது வழக்கமாகிவிட்டது. வந்தவர் அங்குள்ள தெலுங்குச் சங்கமொன்றில் பொறுப்பு வகிப்பவராக இருந்தால் ஏற்புரையும் உண்டு. முன்னாள் தலைவர்களுக்கு நன்றி, வாக்களித்த உறுப்பினர்களுக்கு நன்றி, ஊருக்கு நன்றி என்று அது நடக்கும். கேட்போர் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவர். ஆனால் ஒரு தலைவர் தம் சங்கத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது அவருடைய திட்ட அறிவிப்புகளைவிட இந்தச் சம்பிரதாய நன்றியுரையில்தான் தெளிவாக வெளிப்படும். அதற்குத் தென்னிந்திய மொழிகளின் இலக்கணமே காரணம்.

ஆங்கிலத்தில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். தமிழில் கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் நாம், விலக்கிச் சொன்னால் நாங்கள். தெலுங்கிலும் இதே பிரிவு உண்டு: மனமு என்றால் கேட்பவரும் உள்ளே, மேமு என்றால் அவர் வெளியே. இரு மொழியும் புழங்கும் சித்தூர் வீடுகளில் பள்ளி செல்லாத குழந்தைகூட இதில் தவறுவதில்லை. விருந்தாளியிடம் ‘எங்கள் வீடு’ என்பதும் உடன்பிறந்தவனிடம் ‘நம் வீடு’ என்பதும் யாரும் கற்றுத்தந்து வருவதன்று.

இந்தப் பிரிவு பெயர்ச்சொல்லில் மட்டுமே நிற்கிறது, வினைமுற்றில் இல்லை. நாம் வென்றோம், நாங்கள் வென்றோம் இரண்டுக்கும் விகுதி ஒன்றே. தெலுங்கிலும் மனமு, மேமு இரண்டுக்கும் ‘கெலிச்சாமு’ என்ற ஒரே வடிவம்தான் வரும. எழுவாயை விட்டுவிட்டு ‘வென்றோம்’ என்று மட்டும் சொல்ல இவ்விரு மொழிகளும் இடம் தருகின்றன. தேர்தலில் வென்றவருக்கு இது நல்ல மறைவிடம். தம் அணியினர் ‘நாங்கள்’ என்று கேட்டுக்கொள்வர், எதிரணியினர் ‘நாம்’ என்று கேட்டுக்கொள்ள முயல்வர். ஆனால் உரை நீளும்போது இந்த மறைவு தாங்காது. சங்கத்தைக் குறிக்க ஒரு வேற்றுமை வடிவம் வந்தே தீரும். அது ‘நம் சங்கம்’ என்றா, ‘எங்கள் அணி’ என்றா வருகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. வாக்காளருக்கு நன்றி கூறும் பகுதியில் ‘எங்களுக்கு வாக்களித்த உங்களுக்கு’ என்ற தொடர் வந்தால், வாக்களிக்காத உறுப்பினர் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. ‘எங்களுக்கு’ என்பதற்குள்ளும் அவர் இல்லை, ‘உங்களுக்கு’ என்பதற்குள்ளும் இல்லை.

இது வெறும் இலக்கண நுணுக்கமன்று என்பதற்கு வட அமெரிக்கத் தெலுங்குச் சங்கமான ‘தானா’வின் அண்மை வரலாறே சான்று. 1977-இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. அங்கே தலைவர் நேரடியாகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. செயல் துணைத் தலைவராகத் தேர்வு பெறுகிறவர் ஈராண்டு அப்பொறுப்பில் இருந்துவிட்டுத் தலைவராகிறார். 2021 தேர்தலில் நிரஞ்சன் சிருங்கவரப்பு வென்றார், அவரை எதிர்த்து நின்ற நரேன் கொடாலி தோற்றார். வென்றவர் அஞ்சய்ய சௌதரி லாவுவின் காலத்தில் துணைத் தலைவராக இருந்து 2023-இல் தலைவரானார். தோற்றவர் பிறகு அதே துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்து, நிரஞ்சனின் கீழ்ப் பணியாற்றி, 2025 ஜூலையில் டெட்ராய்ட் மாநாட்டின்போது அவரிடமிருந்தே தலைமையைப் பெற்றுக்கொண்டார்.

இந்த வரிசையை வைத்து நன்றியுரையை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘எனக்கு முன்னிருந்தவர்களுக்கு நன்றி’ என்று புதிய தலைவர் சொல்லும்போது, முன்னிருந்தவர் நான்காண்டுகளுக்கு முன் தம்மைத் தோற்கடித்தவர். ‘வாக்காளர்களுக்கு நன்றி’ என்னும்போது, அவர்களுள் ஒருமுறை தம்மை வேண்டாமென்றவர்களும் உண்டு. இன்றைய எதிரணி நாளைய தலைமையாகும் அமைப்பில், வென்ற இரவில் ‘மேமு’ என்று பேசியவர் ஈராண்டில் அந்தச் சொல்லோடு ஒரே மேசையில் உட்கார நேரும். ஈராண்டுக் காத்திருப்பு என்ற ஏற்பாடு எந்த நோக்கத்தில் செய்யப்பட்டிருந்தாலும், ‘நாங்கள்’ என்று பேசி வென்றவர் ‘நாம்’ என்று பேசப் பழகுவதற்கு அது அவகாசம் தருகிறது. நேரடித் தேர்தலில் அந்த அவகாசம் ஓரிரவுகூட இல்லை.

இனி, நன்றி என்ற சொல். தெற்காசிய மொழிகளில் நன்றி கூறும் வழக்கைப் பற்றி மகாதேவ் ஆப்தே 1974-இல் எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர்களிடையே இன்றும் படிக்கப்படுகிறது. வாயால் நன்றி சொல்வது இங்கே பெரும்பாலும் மேடைக்கும் முறைசார்ந்த சூழலுக்கும் உரியது, வீட்டிலும் நெருங்கியோரிடையிலும் அது வழங்குவதில்லை என்பது அதன் சாரம். திருப்பதியில் தாய் சோறு போட்டதற்கு யாரும் ‘தன்யவாதாலு’ சொல்வதில்லை. சொன்னால் கோபம் என்றுதான் தாய் பொருள் கொள்வாள். ஆகவே மேடையில் ஒருவருக்கு நன்றி கூறுவதில் மதிப்பு இருப்பது போலவே சிறு விலகலும் இருக்கிறது. முன்னாள் தலைவர்களின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கி ‘அனைவருக்கும் நன்றி’ என்று முடிக்கும்போது அந்த விலகல் மட்டுமே கேட்கிறது.

பழைய பொருளை நினைவுகூர்ந்தால் வழி தெரியும். திருக்குறளின் செய்ந்நன்றியறிதல் என்ற அதிகாரத் தலைப்பில் நன்றி என்பது கூறும் சொல்லன்று, செய்யப்பட்ட நன்மை. அதனோடு சேரும் வினையும் ‘கூறுதல்’ அன்று, ‘அறிதல்’. தெலுங்கில் வீட்டு வழக்கும் இப்படித்தான்: ‘மீ மேலு மரிச்சிபோனு’, அதாவது நீங்கள் செய்த நன்மையை மறக்கமாட்டேன். இரண்டிலும் நன்மை எது என்று பேசுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே முன்னோரைப் போற்றும் உரையைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதிலுள்ள பெயர்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். மாற்றிய பிறகும் ஒரு வாக்கியமும் பொய்யாகவில்லை என்றால் அங்கே யாருக்கும் நன்றி அறியப்படவில்லை. இன்ன தலைவர் காலத்தில் கணக்குத் தணிக்கை ஒழுங்கானது, இன்னவர் இறந்த மாணவரின் உடலை ஊருக்கு அனுப்ப இரவெல்லாம் தொலைபேசியில் இருந்தார் என்று சொன்னால் பெயரை மாற்ற முடியாது. அத்தகைய இரண்டு வாக்கியங்கள் இருபது பெயர்களை விட நீளம் குறைவு என்பதும் மேடை ஏற்பாட்டாளர்களுக்குச் சாதகமே.

ஆங்கிலத்தில் உரையைத் தயாரித்துத் தாய்மொழியில் பேசுவோருக்கு ஒரு தனிச் சிக்கல். எழுதிய தாளில் ஒரே சொல்லாக இருந்தது மேடையில் இரண்டாகப் பிரிகிறது, எது என்று அந்த நொடியில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தேர்தல் மாதங்களில் அணிக் கூட்டங்களிலேயே பேசிப் பழகிய நாவுக்கு எளிதில் வருவது ‘மேமு’தான். தாளில் அந்த இடங்களைத் தாய்மொழியிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

சித்தூரும் திருப்பதியும் அடங்கியிருந்த பழைய தொண்டைமண்டலத்தின் தமிழ்க் கல்வெட்டுகளில் ஒரு வாய்பாடு உண்டு. அறம் செய்தவர், தமக்குப் பின் அதைக் காக்கப்போகிறவரின் திருவடி தம் தலைமேல் என்று கல்லில் வெட்டிவைப்பார். வணங்கப்படுபவர் இன்னும் பிறந்திருக்கக்கூட மாட்டார். சங்க மேடையில் அவர் பிறந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு, அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். முன்னோருக்கும் வாக்காளருக்கும் நன்றி கூறும் உரைகளில் அவர் பக்கம் திரும்பும் வாக்கியம்தான் அரிதாக இருக்கிறது.