720 மதிப்பெண் எதைச் சொல்கிறது?

லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்தால் ஒரே மாதிரியான பதிவுகள் வரிசையாக வருகின்றன. அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ் நடத்தும் 'சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்' தேர்வில் ஓர் இளைஞர் தேறியிருக்கிறார். சான்றிதழின் படத்தைப் போட்டு, படித்த மாதங்களில் கற்ற பாடங்கள் என்று ஐந்தைப் பட்டியலிடுகிறார். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும், மாதிரித் தேர்வுகளை விடாமல் எழுத வேண்டும், முதல் தோல்வியில் துவண்டுவிடக் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. கீழே வாழ்த்துகள் குவிகின்றன.

உழைத்துத் தேறியவர் மகிழ்ச்சியைச் சொல்வதில் குற்றமில்லை. கண்டிக்க வேண்டியது, அந்தப் பதிவைப் பார்ப்பவர்கள் வந்து சேரும் முடிவை. 'சான்றிதழ் வாங்கிவிட்டார், இனி இவருக்குக் கிளவுட் வேலை தெரியும்' என்று கல்லூரியும் நம்புகிறது, பெற்றோரும் நம்புகிறார்கள், ஆளெடுக்கும் அதிகாரிகளில் பலரும் நம்புகிறார்கள். கொஞ்ச நாளில் சான்றிதழ் வாங்கியவரே நம்பத் தொடங்குகிறார். அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

மொத்தம் 65 கேள்விகள், நேரம் 130 நிமிடம், கட்டணம் 150 டாலர். எல்லாமே கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். அவற்றில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கச் சேர்க்கப்பட்டவை அவை. மீதி 50 கேள்விகளை வைத்து 100 முதல் 1000 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். 720 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டியதில்லை. மொத்தத்தில் தேறினால் போதும். பாதுகாப்பான வடிவமைப்பு என்ற பகுதிக்குத்தான் தேர்வில் அதிக இடம், 30 சதவீதம். அந்தப் பகுதியில் பலவீனமாக இருந்தவரும், செலவுக் குறைப்பிலும் வேகத்திலும் ஈடுகட்டித் தேறிவிடலாம். அந்தப் பகுதியில் வலுவாக இருந்தவரும் இவரும் வாங்கும் சான்றிதழ் ஒன்றுதான்.

இப்போது வேலை நடக்கும் இடத்துக்குப் போவோம். ஒரு சிறு நிறுவனத்தின் இணையக் கடை ஏடபிள்யூஎஸ்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பைக் கூட்டுவதற்காக, சர்வர் இருக்கும் சப்நெட்டுக்குப் புதிதாக ஒரு நெட்வொர்க் ஏசிஎல் உருவாக்கி இணைக்கிறார்கள். உள்ளே வருவதற்கு 443 போர்ட்டைத் திறக்கிறார்கள், வெளியே போவதற்கும் அதே 443-ஐத் திறக்கிறார்கள். கடை திறக்க மறுக்கிறது. பிரவுசர் வெகுநேரம் சுற்றிவிட்டு, நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது.

சான்றிதழ் வாங்கியவருக்கு இதன் காரணம் புத்தக வரியாகத் தெரியும். செக்யூரிட்டி குரூப் ஒரு தொடர்பை நினைவில் வைத்துக்கொள்ளும்; வந்த கோரிக்கைக்கான பதிலைத் தானாகவே வெளியே விடும். நெட்வொர்க் ஏசிஎல் எதையும் நினைவில் வைக்காது. பதிலுக்கும் தனி விதி எழுத வேண்டும். தேர்வில் இதே நிலைமையை விவரித்து நான்கு விடைகளைக் கொடுத்தால், சரியான வரி கண்ணில் பட்டதும் அடையாளம் தெரிந்துவிடும். வேலையில் அந்த நான்கு வரிகளை யாரும் எழுதித் தருவதில்லை. கடை திறக்கவில்லை என்ற செய்தி மட்டும்தான் கையில் இருக்கிறது.

அனுபவமில்லாதவர் முதலில் செக்யூரிட்டி குரூப்பைத் திறந்து, எல்லா முகவரிகளுக்கும் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுமதி கொடுத்துப் பார்க்கிறார். பிழை தீரவில்லை. பிறகு சர்வரை நிறுத்தி மறுபடி இயக்குகிறார். அதுவும் பயன் தரவில்லை. பதற்றத்தில், திறந்துவிட்ட அனுமதியை மூடவும் மறந்துபோகிறார். பழுது பார்க்க வந்தவர் கையாலேயே பாதுகாப்பு ஓட்டை உண்டாகிவிட்டது.

வேலை தெரிந்தவர் பிழைச் செய்தியிலிருந்து தொடங்குவார். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தால், பெரும்பாலும் கோரிக்கை சர்வர்வரை போயிருக்கிறது, அங்கே கேட்பதற்குத்தான் நிரல் இல்லை. பதிலே வராமல் நேரம் கடந்தால், பாக்கெட் போகும்போதோ திரும்பும்போதோ எங்கேயோ கைவிடப்படுகிறது. இங்கே நடந்தது இரண்டாவது. உடனே அவர் விபிசி ஃப்ளோ லாக்கைப் பார்ப்பார். வேண்டிய புலங்களை மட்டும் எடுத்தால் இரண்டு வரிகளில் கதை முடிந்துவிடும்:

```
203.0.113.12 10.0.1.25 51734 443 ACCEPT
10.0.1.25 203.0.113.12 443 51734 REJECT
```

முதல் வரி, வாடிக்கையாளரின் கோரிக்கை உள்ளே வந்துவிட்டது என்கிறது. இரண்டாவது வரி, சர்வர் அனுப்பிய பதில் வெளியே போகும்போது தடுக்கப்பட்டது என்கிறது. செக்யூரிட்டி குரூப் பதிலைத் தடுக்காது என்பதால் குற்றவாளி ஏசிஎல்தான். பதில் போக வேண்டிய இடம் 443 அல்ல. வாடிக்கையாளரின் கணினி அந்த நேரத்துக்கு எடுத்துக்கொண்ட 51734 என்ற தற்காலிகப் போர்ட். 1024 முதல் 65535 வரை வெளியே போக விதி எழுதியதும் கடை திறக்கிறது. செக்யூரிட்டி குரூப்பை யாரும் தொடவில்லை.

இந்தத் திறமையை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கிடையாது. உண்மையான லினக்ஸ் கணினியில் வேலைகளைச் செய்து காட்ட வேண்டும், கணினியை மறுபடி இயக்கிய பிறகும் அவை அப்படியே நிற்க வேண்டும். குபெர்னெட்டிஸ் நிர்வாகிகளுக்கான சிகேஏ தேர்விலும் இரண்டு மணி நேரம் கட்டளை வரியில்தான் வேலை. அங்கே அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்து பார்க்கவும் அனுமதி உண்டு, ஏனென்றால் அவர்கள் சோதிப்பது மனப்பாடத்தை அல்ல. இத்தனை வேறுபாடு இருந்தும், சமூகத் தளத்தில் எல்லாச் சான்றிதழும் ஒரே அளவுப் படமாகத்தான் தெரிகிறது.

நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏடபிள்யூஎஸ்ஸின் கூட்டாளித் திட்டத்தில் உயர்ந்த நிலையை எட்ட, சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை நிரம்பினால் நிறுவனத்துக்கு லாபம். ஆகவே ஊழியர்களைத் தேர்வுக்குத் தள்ளுகிறார்கள், தேறியதும் பாராட்டிப் பதிவிடுகிறார்கள். வணிகத் தேவைக்காகச் செய்யும் அந்தப் பாராட்டைத் திறமைக்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்வது படிப்பவரின் பிழை.

சான்றிதழால் பயனே இல்லை என்பது இதன் பொருளல்ல. எந்தச் சேவை எதற்கு, எதோடு எது சேரும் என்ற வரைபடம் படிப்பவர் தலையில் ஏறுகிறது. புதிதாக வருபவருக்கு அது அவசியம். ஆனால் ஊரின் வரைபடம் கையில் இருப்பவர் அந்த ஊர்த் தெருக்களில் வண்டி ஓட்டியவர் ஆகிவிட மாட்டார்.

தேறியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். படித்த மாதங்களில் நீங்கள் எதையாவது கட்டியிருப்பீர்கள், எதையாவது உடைத்திருப்பீர்கள். அதை எழுதுங்கள். சர்வரை அழித்த பிறகும் மறந்துபோன நாட் கேட்வே ஒன்று ஓடிக்கொண்டிருந்து, வட வர்ஜீனியாவில் மணிக்கு 0.045 டாலர் வீதம் மாதம் 32 டாலருக்கு மேல் பில் வந்திருந்தால், அந்தப் பில்லையும், அதை எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் பதிவிடுங்கள். அடுத்து படிப்பவருக்கு அது உதவும். விடாமுயற்சி பற்றிய அறிவுரையைக் கிளவுட் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

ஆளெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, மேலே உள்ள இரண்டு லாக் வரிகளை விண்ணப்பதாரர் முன் வையுங்கள். என்ன நடந்திருக்கிறது, அடுத்து எதைத் தொடுவீர்கள், எதைத் தொட மாட்டீர்கள் என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். 65 கேள்விகள் சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.