தூக்கத்துக்கு மூன்று டப்பா

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார் அந்த அம்மா. வயது ஐம்பத்திரண்டு. கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். "நேத்து ராத்திரியிலிருந்து கையெல்லாம் நடுக்கமுங்க டாக்டர். காலு தானா தூக்கித் தூக்கிப் போடுது. ஒரு எடத்துல உக்கார முடியலீங்க" என்றார். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. காலையிலிருந்து நாலைந்து முறை வயிற்றுப்போக்கு வேறு. சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று மகன் நினைத்திருக்கிறார். பழைய பதற்றம்தான் திரும்பி வந்துவிட்டது என்று அம்மா நினைத்திருக்கிறார்.

மனச்சோர்வுக்காக எட்டு மாதமாக எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டு வருபவர் அவர். மாத்திரையில் மாற்றம் எதுவும் இல்லை. "வேற ஏதாச்சும் புதுசா சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "மருந்து எதுவுமில்லீங்க" என்றார். சற்று நேரம் கழித்து, மகன்தான் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "இது மருந்தில்லைங்க டாக்டர், சப்ளிமென்ட். அம்மாவுக்குத் தூக்கமே வர்றதில்லைன்னு ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்தேன்." 5-எச்.டி.பி., 100 மில்லிகிராம். முதல் நாள் ஒன்று. தூக்கம் வரவில்லை என்பதால் இரண்டாம் நாள் இரண்டு.

இந்த 5-எச்.டி.பி.யோடு ட்ரிப்டோஃபான், எல்-தியானின் என்று இன்னும் இரண்டும் ஒரே வரிசையில் விற்பனையாகின்றன. மூன்றின் மேலும் நிலாவும் நட்சத்திரமும்தான் படம். அதனால் மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. உண்மையில் முதல் இரண்டும் பங்காளிகள். மூன்றாவது வேறு குடும்பம்.

நம் ஊரில் மோட்டாரும் மாடித் தொட்டியும் இல்லாத வீடு அபூர்வம், அதையே வைத்துச் சொல்கிறேன். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் தொட்டித் தண்ணீராக நினைத்துக் கொள்ளுங்கள். அது ட்ரிப்டோஃபானிலிருந்து உருவாகிறது. பால், முட்டை, பருப்பு, நிலக்கடலை என்று நாம் தினமும் சாப்பிடுவதில் இருக்கும் அமினோ அமிலம்தான் ட்ரிப்டோஃபான். ஒரு டம்ளர் பாலில் நூறு மில்லிகிராமுக்குள் இருக்கும். தூக்கத்துக்காக ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவோ ஒரு கிராம், அதற்கும் மேல். அதுவும் மற்ற அமினோ அமிலங்களோடு போட்டி போட்டுக்கொண்டுதான் மூளைக்குள் நுழைய வேண்டும். ராத்திரிப் பால் குடித்தால் தூக்கம் வருவதாகச் சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதற்குக் காரணம் ட்ரிப்டோஃபான் இல்லை.

மூளைக்குள் போன ட்ரிப்டோஃபானும் நேரே செரட்டோனின் ஆகிவிடாது. நடுவில் ஒரு நொதி இருக்கிறது. தொட்டிக்குப் போகும் குழாயில் இருக்கும் பந்து வால்வு மாதிரி, எவ்வளவு வேகத்தில் உள்ளே விடலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. அந்த வால்வைத் தாண்டியதும் கிடைக்கும் பொருள்தான் 5-எச்.டி.பி. ஆப்பிரிக்காவில் விளையும் ஒரு செடியின் விதையிலிருந்து அதைத் தனியாகப் பிரித்து மாத்திரையாக்குகிறார்கள். அதை விழுங்குவது, வால்வை விட்டுவிட்டு லாரித் தண்ணீரை ஹோஸ் வைத்து நேராகத் தொட்டியில் இறைப்பது போல. இது மூளைக்குள் சுலபமாக நுழையும், கடைசிப் படி மாற்றமும் தடையின்றி நடக்கும். குடலிலும் அதே மாற்றம் நடப்பதால்தான் இதைச் சாப்பிடும் பலருக்குக் குமட்டல் வருகிறது.

இப்போது எஸ்சிட்டலோப்ராம் என்ன செய்கிறது என்று பாருங்கள். நரம்பு வெளியிட்ட செரட்டோனினை அதே நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த வடிகாலை இந்த மாத்திரை அடைக்கிறது. செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின், பாராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்கின்றன. வடிகால் அடைத்த தொட்டியில் வால்வையும் தாண்டி லாரித் தண்ணீரை விட்டால்? அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். இதைச் செரட்டோனின் நச்சு நிலை என்கிறோம்.

கண்டுபிடிக்க விலை உயர்ந்த ஸ்கேன் எதுவும் தேவையில்லை. இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அந்த அம்மாவைப் படுக்கவைத்து, பாதத்தை மேல்நோக்கிச் சட்டென்று அழுத்திப் பிடித்தேன். கணுக்கால் தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது. முழங்காலில் லேசாகத் தட்டினால் கால் எகிறியது. கண்மணிகள் விரிந்திருந்தன. வெறும் பதற்றத்தில் கை நடுங்கும், வியர்க்கும், ஆனால் கணுக்கால் இப்படித் துடிக்காது. வயிற்றுக் கோளாறிலும் வராது. இன்னொரு அடையாளம் நேரம். புதிய மாத்திரை சேர்ந்த, அல்லது அளவு கூடிய ஒரு நாளுக்குள் பெரும்பாலும் ஆரம்பித்துவிடும். இவருக்கு இரண்டு மாத்திரை சாப்பிட்ட இரவிலேயே ஆரம்பித்திருக்கிறது. இதோடு கடும் காய்ச்சலோ, உடல் விறைப்போ, குழப்பப் பேச்சோ சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது. உயிருக்கே ஆபத்தான கட்டம் அது, 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. பலருக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை என்பதுதான் சிக்கல். ட்ரிப்டோஃபானுக்கு வால்வு இருக்கிறதே, அது பரவாயில்லையா என்றால், அதுவும் வேண்டாம். ஃப்ளூவாக்ஸெடினோடு ட்ரிப்டோஃபான் சாப்பிட்ட ஐந்து பேருக்கு அமைதியின்மையும் வயிற்றுத் தொந்தரவும் வந்ததை 1986-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஃப்ளூவாக்ஸெடினை நிறுத்திவிட்டாலும் ஐந்து வாரம் வரை உடம்பில் தங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வலிக்குத் தரும் ட்ரமடால், வறட்டு இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இரண்டும் இதே தொட்டியில் கை வைப்பவைதான்.

மூன்றாவதான எல்-தியானின், நீலகிரி மலையில் விளைகிறதே, அந்தத் தேயிலையில் இருப்பது. 1949-ல் ஜப்பானில் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தார்கள். ஒரு கப் டீயில் சுமார் 20 மில்லிகிராம் இருந்தால் அதிகம். மாத்திரையில் 200 இருக்கும். டீயே குடித்துவிடலாமே என்றால், கூடவே காஃபின் வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். இது செரட்டோனின் தயாராகும் வரிசையில் எந்தப் படியிலும் இல்லை. ஆளைத் தூங்க வைக்கும் மருந்தும் இல்லை. படுத்த பிறகு மனசு ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நிதானம் தரலாம், பலன் சிறிதுதான். மனச்சோர்வு மாத்திரையோடு மேலே சொன்ன ஆபத்து இதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தம் இறங்கலாம், மயக்கம் கூடலாம். கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அந்த அம்மாவை ஒரு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். 5-எச்.டி.பி.யை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, நடுக்கம் அடங்க லோராசெபாம் கொடுத்தோம். எஸ்சிட்டலோப்ராமையும் எங்கள் கண்காணிப்பில் அன்று ஒரு நாள் கொடுக்கவில்லை. வீட்டில் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். மறுநாள் மதியம் கணுக்கால் துடிப்பு நின்றிருந்தது.

கிளம்பும்போதுதான் கேட்டேன், "எஸ்சிட்டலோப்ராம் எப்ப சாப்புடுவீங்கம்மா?" ராத்திரி ஒன்பது மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு என்றார். சிலருக்கு அந்த மாத்திரையே தூக்கத்தைக் கலைக்கும். காலை டிபனுக்குப் பிறகு மாற்றச் சொன்னேன். ஆறு மணிக்கு மேல் குடிக்கும் ஃபில்டர் காபியையும் விடச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார். பதினோரு மணிக்குப் படுத்தால் ஐந்து மணி வரை தூங்குகிறாராம். "காபியை மட்டும் முழுசா விட முடியலீங்க, அரை டம்ளர் ஆக்கிட்டேன்" என்றார்.